'யெஸ்' மட்டும் போதாது

கப்பலில் பல வருஷம் சுக்கான் பிடித்த பிறகு, மூன்றாம் அதிகாரி ஆவதற்கான வாய்மொழிப் பரீட்சைக்கு விண்ணப்பித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பாஸானால் உடனே ஒரு கப்பலில் இடம் இருக்கிறது, மனைவி பிள்ளைகளையும் போர்க்காலக் கொழும்பை விட்டு எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

வெள்ளவத்தையில், என்னைவிட வயதில் இளைய அதிகாரி ஒருவர் லீவில் வந்திருந்தார். அவர் வீட்டு மேசையில்தான் பரீட்சைக்கான ஆங்கில வசனங்களைப் படித்தேன். பல நாட்டு அதிகாரிகள் வானொலியில் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்வதற்காகத் தீர்மானித்து வைத்த வசனங்கள் அவை. இரண்டு பென்சில்களைக் கப்பல்களாகத் தனக்கு இடப்பக்கம் வைத்து, வேறு கப்பல்காரனாக நடித்தார்.

"என்ர இடப்பக்கக் கப்பல், எனக்குப் பின்னால போ, ஓகே?"

"யெஸ் சேர்."

"ஆர் சேர்? அண்ணே, என்ர இடப்பக்கம் ரெண்டு கப்பல் நிக்குது, ஒண்டு ரஷ்யா, ஒண்டு பர்மா. ரஷ்யாக்காரன் யெஸ் எண்டா, கிட்ட நிக்கிற பர்மாக்காரன்தான் சொன்னான் எண்டு நான் நினைச்சு நிம்மதியா இருப்பன். பர்மாக்காரனோ திருப்பாம நேர வருவான். பிறகென்ன, மோதல்தான்."

"அப்ப என்ன சொல்லுறது?"

"முதல்ல, 'நீங்க ஆர்?' எண்டு அவனைக் கேளுங்க. உங்கட பேர், நிக்கிற இடம் சொல்லுங்க. பிறகு, 'யெஸ், நான் உங்களுக்குப் பின்னால போறன்' எண்டு முழுசாத் திருப்பிச் சொல்லுங்க. ஆரெண்டு தெரியாட்டி ரேடியோவ நம்பாம, கடல் சட்டப்படி நேரத்தோட கப்பலத் திருப்புங்க."

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் சோறு சாப்பிடும்போதும் அதையே முணுமுணுத்தேன். "உங்களுக்குப் பின்னால ஆர் வாறது?" என்று மனைவி சிரித்தாள்.

பரீட்சைக்குப் போகும் வழியில், கொச்சிக்கடைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கினார்கள். சிப்பாய் சிங்களத்தில் கேட்ட எல்லாவற்றுக்கும் "ஔ சேர்", ஆம் சேர், என்று மட்டும் சொன்னேன். அங்கே ஒரு சொல் கூடினால் ஒரு கேள்வி கூடும். கொழும்புத் தமிழனுக்கு இது நாக்கில் ஊறியது. அடையாள அட்டையைத் திருப்பித் தந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பரீட்சகர் வெள்ளை யூனிஃபோமில் இருந்தார். பெயர் சொல்லாமல், இடம் சொல்லாமல், உரத்த குரலில் ஆங்கிலத்தில் கேட்டார்: "என் இடப்பக்கக் கப்பல், பின்னால் போ, ஓகே?"

"யெஸ் சேர்."

அவர் காத்திருந்தார். மீதி வசனம் முழுவதும் எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. அவர் தாளில் கோடு கீறினார்.

அந்தக் கப்பலுக்கு அதிகாரியாக வேறொருவன் போனான். நான் பழையபடி சுக்கான்காரனாகவே கையெழுத்து வைத்தேன். குடும்பம் கொட்டாஞ்சேனையிலேயே இருந்தது.

சுக்கானைப் பத்துப் பாகை வலப்பக்கம் திருப்பச் சொல்லி அதிகாரி "வலம் பத்து" என்றால், "வலம் பத்து, சேர்" என்று பிசகாமல் திருப்பிச் சொல்வேன். மேலிருந்து வருவதைத் திருப்பிச் சொல்ல எனக்குக் கஷ்டமே இல்லை. ஆனால் என் பக்கத்தில் நின்று அதே அதிகாரி, யாரென்று தெரியாத கப்பலுக்கு வானொலியில் "ஓகே, ஓகே" என்பார். கண்ணாடிக்கு வெளியே எத்தனை கப்பல் என்று எண்ணியபடி, யாரும் என்னைக் கேட்காததால், சுக்கானை நேரே பிடித்துக்கொண்டிருப்பேன்.