பெரட்டில் வாசித்த துண்டு

நான் பெரிய கிளாக்கராக இருந்த தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் ஒரே ஒரு தொலைபேசிதான். லயங்களில் குடியிருக்கும் தொழிலாளர்களுக்கு வரும் தகவலைத் துண்டில் எழுதி, மறுநாள் காலை, பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் வாசிப்பேன். அதுதான் நடைமுறை. நடைமுறையில் நான் புலி.

ஒருநாள் நுவரெலியா லீசிங் கம்பனி ஆள் பேசினான். தன் தம்பியின் ஆட்டோக் கடனுக்குப் பிணை நின்ற, கொழுந்து பறிக்கும் ஒருத்தி தவணையைக் கட்டாவிட்டால் பொலிஸ் பிடித்துப்போகும் என்றான். அதையும் எழுதினேன், அதையும் வாசித்தேன். யாரோ சிரித்தார்கள்.

மாலையில் அவள் அலுவலகத்துக்கு வந்தாள். "என்னையப் புடிச்சிருவாங்களாங்கய்யா?"

"கடனுக்கெல்லாம் பொலிஸ் பிடிக்காதும்மா. அவன் கோர்ட்டுக்குத்தான் போகணும். திரும்பப் பேசினா பதறாம பேரைக் கேளு, கணக்கை எழுத்துல அனுப்பச் சொல்லு. மிரட்டுறது தப்பு. உன் கடனை அடுத்தவங்ககிட்ட சொல்றதும் தப்பு."

அவள் என்னையே பார்த்தாள். "அப்ப நீங்க ஏங்கய்யா பெரட்டுல வாசிச்சீங்க?"

மறுநாள் அவன் மீண்டும் பேசியபோது அவளைக் கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்தேன். "ஒங்க பேரு என்னாங்க? பாக்கிய எழுதி அனுப்புங்க. பொலிசு கதையெல்லாம் வேணாங்க." என்றாள் அவனிடம். கடிதம் வந்தது, அதில் பொலிஸ் இல்லை.

ஆனால் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவள் பெயர் 'பொலிஸ் அக்கா' ஆகிவிட்டது. மாதக் கடைசியில் தோட்டப் பதிவிலிருந்து பெயரை வெட்டிக்கொண்டு வலப்பனைக்குப் போய்விட்டாள்.

இப்போதும் வீட்டில் தொலைபேசி மணி அடித்தால் என் கை முதலில் துண்டுக் காகிதத்தைத்தான் தேடுகிறது. பிறகு, அந்தச் சிரிப்பு கேட்கிறது.