பீரோ நின்ற சுவர்

கண்ணாடிக்காரர் என்றதும் பெரிய வியாபாரி என்று நினைத்துவிட வேண்டாம். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸைத் தேய்த்துக் கொடுப்பவர். கல்யாணமானதிலிருந்து ஏழு வாடகை வீடு. கடைசி வீட்டின் ஈரச் சுவரும் பூஞ்சையும் மனைவியின் மூச்சிரைப்பைக் கிளப்பி, அவளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டன. "காய்ஞ்ச சுவரா இருந்தா போதுங்க, வேற எதுவும் வேண்டாம்" என்றாள். அதற்காகத்தான் கடன் வாங்கி, பழைய கட்டடத்தில் இந்த மேல்மாடி ஃபிளாட்.

வீடு பார்க்கப் போன அன்று மனுஷன் கேட்ட கேள்விகள் இருக்கின்றனவே! தண்ணீர் எப்போது வரும், பக்கத்து வீட்டுக்காரர் எப்படி, பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம். எல்லாம் குடியிருக்க வருகிறவன் கேட்பவை. வாங்க வருகிறவன் படுக்கையறைச் சுவரை மறைத்து நின்ற பீரோவை நகர்த்தச் சொல்ல வேண்டாமா? மொட்டை மாடிக்கு ஏறிப் பார்க்க வேண்டாமா? பிறத்தியார் சாமானைத் தொடுவது மரியாதையில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வக்கீல் பத்திரத்தைப் பார்த்தார், வங்கி ஆள் அளந்துகொண்டு போனார். அது கோடைகாலம் வேறு.

குடிவந்த அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. படுக்கையறையில், விற்றவரின் பீரோ நின்ற இடத்தில், புதுப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியது. நகத்தால் சுரண்டினார். பெயின்ட்டுக்கு அடியில் பூசியிருந்த பட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே கன்னங்கரேல் என்று பூஞ்சை. அட்வான்ஸில் பிடித்துவிடுவார்களே என்று, காலி பண்ணிய வீட்டிலெல்லாம் ஆணி ஓட்டையைப் பற்பசையால் அடைத்தவர்தான் இவரும். அதனால் விஷயம் உடனே புரிந்துவிட்டது.

விற்றவருக்குப் போன் போட்டார். "உள்ளது உள்ளபடி வாங்கிக்கிறேன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க சார்" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து பார்த்து உச்சுக்கொட்டினார். "உள்பக்கம் எத்தனை தடவை பூசினாலும் நிக்காது சார். மொட்டை மாடித் தளத்தையே உடைச்சு, புதுசாப் போடணும். அது எல்லாருக்கும் பொது, நீங்களா கை வைக்க முடியாது. கூட்டத்துல ஒத்துக்கணும். கீழ் வீட்டுக்காரங்க, 'எங்களுக்கா ஒழுகுது?'ங்கறாங்க. முன்னாடி இருந்தவரும் வருஷக்கணக்கா கேட்டுப் பாத்துட்டுத்தான் வித்தார்."

செயலாளர் இறங்கிப் போனார். மனைவி ஹாலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மருந்துக் குழலை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மூச்சு விசிலடித்தது அறை முழுக்கக் கேட்டது.

மகள் அதைக் கேட்டுக்கொண்டே, வெளியே எடுத்து வைத்த புத்தகங்களை மறுபடி அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். வீடு மாறுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"எப்பப்பா காலி பண்றோம்?"

"இது நம்ம வீடு கண்ணு. அப்படியெல்லாம் காலி பண்ண முடியாது."

"அப்ப அம்மா?"

அவர் எழுந்துபோய், மனைவியின் பாயைச் சமையலறைக்குள் இழுத்துப் போட்டார். அங்கே சுவர் இன்னும் காய்ந்திருந்தது.