அந்த ஸ்பானிஷ் கடிதத்தில் இருந்தது இதுதான்

என் மருமகள் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரனுக்குக் கடிதம் எழுதி எழுதி, கடைசியில் அவனோடேயே போய்விட்டாள் என்று தையல் கடைக்காரி சொல்லிக்கொண்டு திரிகிறாள். நேற்று அவள் கடைக்கே போய்க் கேட்டேன்.

"நீ அந்தக் கடிதத்தப் பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன் பாட்டி? எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாருக்கும் ஸ்பானிஷ் தெரியுமா?"

அவள் தையல் மெஷினில் இல்லாத அழுக்கைத் துடைத்தாள். "தெரியாதுதான். ஆனா தினம் யார்கிட்டயோ மன்னிப்புக் கேட்டு எழுதிக்கிட்டே இருந்தாளாமே. ஒண்ணும் பண்ணாதவ எதுக்குக் கேக்கணும்?"

"அதுக்குத்தான் அவளுக்குச் சம்பளம்" என்றேன்.

துணி கொடுக்க வந்திருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடிதம் ஒன்று உண்டுதான். அதை அவள் எழுதியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். எனக்கு எழுத்து தெரியாது. எந்த மொழியிலும் தெரியாது. ஆனால் வரி வரியாக அர்த்தம் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஆகவே நான் சொல்வதை நம்பலாம்.

முதலில் அவளுக்கு ஸ்பானிஷ் வந்த கதை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு மொழிப் பள்ளியில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். யார் வந்தார், யார் வரவில்லை என்று பதிவேட்டில் குறிப்பது, சாவி வாங்கிப் பூட்டுவது. மேசைக்குப் பின்னால் இருந்த வகுப்பில் ஸ்பானிஷ் நடந்தது. சுவர் மெல்லிய பலகை. ஆறு வருஷம் அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே படித்துவிட்டாள். ஒருநாள் வாத்தியார் கேட்ட கேள்விக்கு உள்ளே ஒருவரும் வாயைத் திறக்காமல் இருக்க, வெளியிலிருந்து இவள் பதில் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவரே இவளைக் கூப்பிட்டுப் பரீட்சை எழுத வைத்தார்.

அந்தப் பரீட்சைச் சான்றிதழால்தான் இந்த வேலை கிடைத்தது. இணையத்தில் சாமான் விற்கிற கம்பெனி ஒன்று. வாங்கியவர்கள் எழுதும் புகார்களுக்குப் பதில் எழுதுகிற அலுவலகம். ஸ்பானிஷ் பேசுகிற நாடுகளிலிருந்து வருவதெல்லாம் இவள் பக்கத்துக்கு. ஒவ்வொரு புகாருக்கும் ஒரு எண். அதை டிக்கெட் என்பார்கள். ஒரு நாளைக்கு நாற்பது டிக்கெட் முடிக்க வேண்டும். முன்கூட்டியே எழுதிவைத்த பதில்கள் உண்டு, பெயரை மட்டும் மாற்றி அனுப்பலாம். மூன்று நாள் அலுவலகத்தில், மூன்று நாள் வீட்டில். வீட்டில் இருக்கும் நாளில் சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொள்வாள். ஒரு கண் அடுப்பில், ஒரு காது அடுத்த அறையில்.

அடுத்த அறையில் என் மகன். லாரியில் சரக்கு இறக்கும்போது முதுகு போய்விட்டது. தண்டுவடத்தில் அறுவை செய்தால் எழுந்து நடப்பான், தள்ளிப் போட்டால் கால் மரத்துக்கொண்டே போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலை நிரந்தரமானால் புருஷனுக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு தருவார்கள். மாதக் கடைசியில் நிரந்தர ஆணை. அதற்கு அடுத்த வாரம் அறுவைக்குத் தேதி. ஆணைக்கு அப்போது பதினோரு நாள்தான் பாக்கி. அந்தப் பதினோரு நாளும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினாள். கடிதத்தை எழுதியது அந்த நாட்களில்தான்.

புகார் எழுதியவர் எழுபதைத் தாண்டிய ஒரு கிழவர். படுத்த படுக்கையாக இருக்கிற மனைவிக்குப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை வாங்கியிருக்கிறார். மெத்தையில் காற்று நிற்கவில்லை. எங்கேயோ ஓட்டை. புகார் எழுதினார். சேதத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று பதில் போயிற்று. காற்று போவதை எப்படிப் போட்டோ எடுப்பது? சப்பையாகக் கிடக்கிற மெத்தையை எடுத்து அனுப்பினார். படத்தில் சேதம் தெரியவில்லை, வேறு படம் அனுப்புங்கள் என்றார்கள். நான்கு முறை இப்படியே. நான்கும் வெவ்வேறு ஆட்கள் போட்ட அதே பதில். ஒரு பதில், என் மருமகளே போட்டது.

"எப்போ போட்ட?" என்று கேட்டேன்.

"ரெண்டு வாரம் முன்னாடி அத்தை. அவர் எழுதினதப் படிக்கவே இல்ல. அன்னிக்கு முப்பத்தெட்டுல நின்னுது, நாற்பது ஆக்கணும்னு தட்டிவிட்டேன்."

ஐந்தாவது முறை அவர் எழுதியது திரும்ப இவளிடமே வந்து விழுந்தது. என் மனைவி இப்போது பலகை மேல்தான் படுத்திருக்கிறாள், நீங்கள் கேட்கிற படத்தை என்னால் எடுக்க முடியவில்லை, தயவுசெய்து யாராவது ஒரு மனிதர் இதைப் படியுங்கள் என்று எழுதியிருந்தார். இதை என்னிடம் சொல்லிவிட்டு அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய், என் மகனைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்தாள். வந்ததும் டீம் லீடருக்கு போன் போட்டாள்.

"சார், இந்த மெத்தை டிக்கெட்டுக்குப் பணத்தத் திருப்பித் தர அனுமதி வேணும்."

"போட்டோ இருக்கா?"

"ஓட்டைய எப்படி சார் போட்டோ எடுப்பாங்க?"

"அப்போ கூப்பன் குடுங்க. அடுத்த தடவை வாங்கும்போது கழிச்சுக்கட்டும். இந்த மாசம் ரீஃபண்டு ஏற்கெனவே எல்லை தாண்டிடுச்சு."

போனை வைத்தவள் குக்கரை இறக்கினாள். பிறகு எழுத ஆரம்பித்தாள். ஆயத்தப் பதில் எதையும் தொடவில்லை.

"எஸ்டிமாதோ செஞோர்னு ஆரம்பிக்கிறேன் அத்தை. மதிப்புக்குரிய ஐயானு அர்த்தம்."

"அப்புறம்?"

"தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்னு போடுவாங்க."

"அதப் போடாத. சிரமம் தானா ஏற்படல, நீங்க ஏற்படுத்தினீங்க."

அவள் என்னைப் பார்த்தாள். அந்த வரியை அழித்தாள். கடைசியில் நின்றது இதுதான். நீங்கள் நான்கு முறை எழுதியும் நாங்கள் சரியாகப் படிக்கவில்லை. அதற்கு உங்களிடமும் உங்கள் மனைவியிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். மெத்தைக்கான முழுத் தொகையையும் திருப்பித் தருகிறோம். நீங்கள் பணம் கட்டிய அதே கணக்குக்கு ஐந்து முதல் பத்து வேலை நாட்களில் வந்து சேரும். மெத்தையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். இனிப் படம் எதுவும் தேவையில்லை. உங்கள் மனைவி நலம் பெற வேண்டுகிறேன். கீழே அவள் பெயர்.

இதுதான் ஐயா காதல் கடிதம்.

கம்பெனி பெயரில் எழுத்தில் போய்விட்டால் கம்பெனி கட்டுப்பட்டாக வேண்டும். அது தெரிந்தேதான் அனுப்பினாள். தெரியாமல் செய்த தப்பு என்று அவளுக்காக நான் பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் மத்தியானம் டீம் லீடர் போனில் கூப்பிட்டார். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது; கம்ப்யூட்டரில் போட்டு மொழிபெயர்த்துப் படித்திருக்கிறார்.

"என்னம்மா இது? படிச்சா நாம திருடிட்டு மன்னிப்புக் கேக்கிற மாதிரி இருக்கு. முந்தைய மெயில் தவறுதலாக அனுப்பப்பட்டதுனு இன்னொண்ணு அனுப்புங்க. அஞ்சு மணிக்குள்ள. அனுப்பிட்டா உங்க ஆணைய நான் தொடமாட்டேன். இல்லேனா இந்த மாசத்தோட ஒப்பந்தம் முடிஞ்சது."

"நீங்களே வேற யாரையாவது வெச்சு..."

"டிக்கெட் உங்க பேர்ல இருக்கு. நீங்கதான் அனுப்பணும்."

எல்லாம் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இப்போது சொல்லப்போவதைத் தையல் கடைக்காரியிடம் நான் சொல்லவில்லை. அனுப்பிவிடு என்று மருமகளிடம் சொன்னதே நான்தான்.

"அனுப்பிடும்மா. அந்தக் கிழவர் யாரோ எவரோ. உள்ள கிடக்கிறவன் உன் புருஷன்."

"அவர் பதில் போட்டுட்டார் அத்தை."

"யாரு?"

"அந்தப் பெரியவர். காலைலயே நன்றினு எழுதிட்டார். பணம் வரப்போற நம்பிக்கைல பக்கத்துக் கடைல கடன் சொல்லி வேற மெத்தை வாங்கிட்டாராம். பாட்டியம்மா அதுலதான் படுத்திருக்காங்களாம்."

"படுத்திருக்கட்டும். எம் மவனும் படுத்துத்தான் இருக்கான்."

அவள் எழுந்தாள். அடுத்த அறை வாசலில் போய் நின்றாள்.

"நீங்க சொல்லுங்க. அனுப்பட்டுமா?"

என் மகன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான். "என்னக் கேக்காத. நான் எதச் சொன்னாலும் எனக்காகச் சொன்னதாயிடும்."

திரும்பி வந்து தட்ட ஆரம்பித்தாள். இரண்டாவது மெயிலையும் எழுதினாள், அது தெரியுமா உங்களுக்கு? முழுசாக எழுதினாள். மதிப்புக்குரிய ஐயா, முந்தைய தகவல் தவறுதலாக அனுப்பப்பட்டது. நான் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அனுப்புகிற இடத்தில் விரலை வைத்தாள், எடுத்தாள். வைத்தாள், எடுத்தாள். நான்கே முக்காலுக்கு போன் அடித்தது, எடுக்கவில்லை. ஐந்துக்கும் அடித்தது. அப்புறம் அடிக்கவில்லை. எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அழிக்க அழிக்க அவள் கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது.

நான் அவளோடு நான்கு நாள் பேசவில்லை. அவள் தட்டு வைத்தால் சாப்பிட்டேன், எழுந்தேன். அந்த அளவுக்குத்தான் எனக்கு மனசு இருந்தது.

மாதக் கடைசியில் லேப்டாப் அவள் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. ஒரு ஆள் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு அதை எடுத்துப் போனான். கிழவருக்குப் பணம் போய்விட்டதாக அவளோடு வேலை பார்த்த பெண் போனில் சொன்னாள். மறுப்பு எழுத ஸ்பானிஷ் தெரிந்தவர்களில் ஒருவரும் முன்வரவில்லையாம். எழுத்தில் இருந்ததால் கம்பெனி கொடுத்துவிட்டதாம். கேட்டு எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் தேதியை ரத்து செய்துவிட்டார்கள். அறுவை இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் கால் தாங்காது என்று டாக்டர் சொன்னார். அப்போதே மகனுக்கு இடது பாதத்தில் ஊசி குத்தினாலும் தெரியவில்லை.

அவள் எங்கெல்லாமோ எழுதிப் போட்டாள். ஒரே ஒரு இடத்திலிருந்து பதில் வந்தது. வேறு நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி, வெளிநாட்டு நோயாளிகள் வருகிற இடம். ஸ்பானிஷ் பேசுகிறவர்களோடு கூடவே இருந்து டாக்டரிடம் விளக்க ஆள் வேண்டும். தங்குவதற்கு விடுதி, குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. இரண்டு மாதம் வேலை முடித்தால் ஊழியரின் புருஷனுக்கு அங்கேயே வைத்தியம். இரண்டு மாதம் முடியும்போது டாக்டர் கொடுத்த கெடுவில் ஒன்பது நாள் மிஞ்சும். அது போதுமா என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

வெளிநாட்டுக்காரனோடு போய்விட்டாள் என்பது இதுதான்.

போகிற அன்று காலையில், மகனைப் புரட்டுவது எப்படி என்று எனக்குக் காட்டிக் கொடுத்தாள். அடியில் போட்ட போர்வையின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அத்தை. தூங்குறார்னு விட்டுடாதீங்க."

"நான் பாத்துக்கறேன், நீ கெளம்பு" என்றேன். "பஸ்ல சாப்பிட ஏதாவது எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்."

அவள் அவன் தலைமாட்டில் குனிந்து ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டினான். பெட்டியை எடுத்தாள்.

மாமியார் வழியனுப்ப வாசலுக்குக்கூட வரவில்லை, அப்படியானால் ஏதோ இருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரி சொல்கிறாளாம். வரவில்லைதான். மகனை அப்போதுதான் ஒருக்களித்துப் பிடித்திருந்தேன். முதல் தடவை என்பதால் முதுகுக்குத் தலையணை வைக்க மறந்துவிட்டேன். கையை எடுத்தால் அவன் மல்லாந்து விழுவான். இரண்டு கையாலும் அவன் முதுகைத் தாங்கிக்கொண்டு நின்றேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.