பத்தடி ஏழு அங்குலம்

ஜோதிகாவை எனக்கு முதல் ஆறு மாதம் பிடிக்கவில்லை. இதைச் சொல்வதில் வெட்கமில்லை, அவளிடமே சொல்லியிருக்கிறேன். "தெரியும்ணா" என்று மட்டும் சொன்னாள். அதையும் முன்கூட்டியே சந்தேகப்பட்டிருப்பாள்.

அவள் சந்தேகப்படாத பொருள் காஞ்சிபுரத்தில் இல்லை. கடையில் புது அளவு டேப் வாங்கி வந்தால், பழைய டேப்போடு சேர்த்துப் பிடித்துப் பார்ப்பாள். இரண்டும் ஒன்றாக இருந்தாலும் விட மாட்டாள், "ரெண்டுமே தப்பா இருந்தா?" என்பாள். டேப்பின் நுனிக் கொக்கி வளைந்திருக்கும் என்று நுனியை நம்பாமல், ஓரடிக் கோட்டிலிருந்து அளந்து பிறகு ஓரடியைக் கழிப்பாள். அலுவலகத்தில் டீ வாங்கி வந்தால் கூட, எத்தனை பேருக்கு எத்தனை டம்ளர் என்று ஒரு பார்வை போகும். எங்கள் முதலாளி இன்ஜினியர் அப்பாதுரை அவளுக்கு 'சிபிஐ' என்று பேர் வைத்தார். ஆனால் ஒரு வரைபடம் கட்டுமான இடத்துக்குப் போக வேண்டுமென்றால் சிபிஐயின் கையெழுத்து வேண்டும் என்றும் அவரே சட்டம் போட்டார்.

இருபத்தேழு வயது. முசரவாக்கம் காலனி. அப்பா பிறர் நிலத்தில் வேலை செய்து, பிறகு லாரி ஓட்டப் போனவர். அவளுக்குப் பதின்மூன்று வயதில் அரசுத் திட்டத்தில் அவர்களுக்கு ஒரு கான்கிரீட் வீடு கட்டினார்கள். காண்டிராக்டர் காட்டிய தாளில் அறை பத்தடி. குடிபோன அன்று கட்டிலைப் போட்டால் கதவு சாத்தவில்லை. கட்டில்தான் பெரிசு என்றாராம் காண்டிராக்டர். இவள் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துத் தரையில் ஒவ்வொரு அடியாக வைத்து அளந்திருக்கிறாள். ஒன்பதடி ஓர் அங்குலம். பெரியவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. கட்டிலின் கால்மாட்டை அறுத்து நீளத்தைக் குறைத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து இப்படித்தான். பாலிடெக்னிக்கில் சிவில் படித்து, எங்கள் அலுவலகத்துக்கு வந்து ஐந்து வருடம்; நான் வந்து சேர்ந்தபோது எனக்கு மேலே உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு நாற்பத்தாறு. அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஜூனியர் டிசைனர். சிரிக்க வேண்டியதுதான். இருபது வருடம் பட்டுச் சேலைக்கு ஜக்கார்டு டிசைன் போட்டவன் நான். மாங்காய், அன்னம், யாளி எல்லாம் கட்டம் கட்டமாக கிராஃப் தாளில் நிரப்பி, அட்டை குத்துபவரிடம் கொடுப்பேன். கம்ப்யூட்டரில் வரைகிறவர்கள் வந்த பிறகு நானும் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். அந்தக் கற்றலை வீட்டு உள்அலங்காரத்துக்குத் திருப்பிக்கொண்டேன். அறையை போட்டோ எடுத்துப் போட்டால் அழகான படமாக மாற்றித் தரும் செயலி ஒன்று போன வருடம் கைக்கு வந்ததும், நான் ஜூனியர் இல்லை என்ற நினைப்பும் கூடவே வந்தது.

என் பெரியப்பா மகன் வீரபாகுவின் வீட்டு வேலை எங்களுக்கு வந்தது. எங்கள் தாத்தா கட்டிய நெசவாளர் வீடு. முன்கட்டு, அதன் பின்னால் தறி அறை. தறி அறையின் ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டு, இருக்கிற சுவர்மேல் கான்கிரீட் தளம் போட வேண்டும். மகன் கல்யாணத்துக்கு மேலே ஒரு அறை. கீழே தறி அப்படியே ஓட வேண்டும். வீரபாகுவுக்கு வேறு ஒரு நிபந்தனையும் இல்லை. அந்த ஒரு தறிதான் அவர்கள் குடும்பம்.

அளவெடுக்க நானும் ஜோதிகாவும் போனோம். முன்கட்டை அவள் அளந்து, ஃபீல்டு புக் என்ற அளவு நோட்டில் எழுதிக்கொண்டாள். தறி அறைப் பக்கம் நகர்ந்தபோது நான் தடுத்தேன். "நீ இங்கேயே இரும்மா. உள்ள நான் பாத்துக்கிறேன். நான் பொறந்து வளந்த ரூமு அது." அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். நான் உள்ளே போய் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன்.

செயலி கொடுத்த படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. தேக்கு நிறக் கூரை, மேற்குச் சுவரில் ஜன்னல், அதன் வழியே மாலை வெளிச்சம், நடுவில் தறி. வீரபாகுவின் மனைவி தில்லையம்மாள் படத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம வூடாப்பா இது?" என்று மூன்று தடவை கேட்டாள்.

வரைபடத்தில் தறி அறையின் உயரம் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. படத்தை அச்சடித்து ஸ்கேல் வைத்தேன். கதவு ஆறு சென்டிமீட்டர். சுவர் ஒன்பதுக்குக் கொஞ்சம் மேலே. கதவு என்றால் ஏழடி, உலகமே அப்படித்தான். கணக்குப் போட்டால் சுவர் பத்தடி ஏழு அங்குலம். உத்திரம் கீழே ஒன்பது அங்குலம் தொங்கினாலும், டிசைன் அட்டைகளை ஓட்டும் ஜக்கார்டு பெட்டி தறிமேல் ஏறி நிற்க ஒன்பதடி எட்டு அங்குலம் போதும். எல்லாம் பொருந்தியது. எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை ஜோதிகா என் மேசைக்கு வந்தாள்.

"பத்தடி ஏழு யாரு எடுத்ததுண்ணா?"

"நான்தான்."

"ஃபீல்டு புக்ல எந்தப் பக்கம்?"

"எல்லாத்துக்கும் புக்கு வேணுமா? எனக்குத் தெரிஞ்ச ரூமும்மா."

"முன்கட்டு எட்டடி ஆறு. அடுத்த ரூமு மட்டும் எப்டிண்ணா ரெண்டடி உசரமா இருக்குது?"

"தறிக்காக எங்க தாத்தா தூக்கிக் கட்டியிருப்பாரு."

"கட்டியிருப்பாரா, கட்டினாரா?"

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று அவளை முன்கட்டில் நிறுத்தியதற்குத்தான் இப்போது வஞ்சம் தீர்க்கிறாள் என்று உறுதியாக நம்பினேன். அப்பாதுரையிடம் அப்படியே சொல்லவும் செய்தேன். வியாழக்கிழமை கான்கிரீட். ஓடு பிரித்தாகிவிட்டது, தறி கழற்றி முன்கட்டில் கட்டையும் கயிறுமாகக் கிடந்தது, கையெழுத்து வந்துவிடும் என்ற நம்பிக்கையில் கொத்தனார் தளத்துக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கத் தொடங்கியிருந்தார். இந்த நேரத்தில் இவள் கையெழுத்தை நிறுத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது?

மதியம் சாப்பிட்டு வந்தால் என் மேசையில் அந்தப் படம் குப்புறக் கிடந்தது. பின்பக்கம் அவள் கையெழுத்து.

"தினகரன் அண்ணாவுக்கு. படம் நன்றாக இருக்கிறது. வீட்டுக்காரர்களுக்குக் காட்டலாம். கொத்தனாருக்குக் காட்டக் கூடாது.

மேற்குச் சுவரில் ஜன்னல் இருக்கிறது. அது பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர். அந்த ஜன்னலை நீங்கள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, செயலி தானாக வைத்தது. தறியைப் பாருங்கள், மிதிக்கட்டை எதிலும் கட்டப்படவில்லை. தெரியாத இடத்தை அது விட்டுவைப்பதில்லை, பார்க்க நன்றாக இருப்பதைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. ஜன்னலைத் தானாக வைத்தது சுவரின் உயரத்தை மட்டும் விட்டுவைத்திருக்குமா?

நல்ல போட்டோவாக இருந்தாலும் கிட்டே இருப்பது பெரிதாக, தள்ளி இருப்பது சிறிதாகத் தெரியும். அதில் ஸ்கேல் வைத்தால் தாளின் அளவுதான் கிடைக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கணக்கிட, முதல் ஒன்றை யாராவது டேப் வைத்து எடுத்திருக்க வேண்டும். நீங்கள் எதை எடுத்தீர்கள்?

தறி அறைக்கு எனக்கு வேண்டியவை: நாலு சுவரின் நீளம். மூலைக்கு மூலை இரண்டு அளவு, ஏனென்றால் பழைய சுவரின் மூலைகள் செங்கோணமாக இருக்காது. ஒரே மட்டத்திலிருந்து நாலு மூலையிலும் உயரம். கதவு எங்கே, எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம். யார் எடுத்தது, எந்தத் தேதி.

யாராவது ஒரு சேலையின் போட்டோவைக் கொண்டு வந்து, இதையே தறியில் ஏற்று என்றால் ஏற்றுவீர்களா? கிராஃப் எங்கே என்று கேட்க மாட்டீர்கள்? எத்தனை இழை, எத்தனை கட்டம் என்று கேட்க மாட்டீர்கள்? நானும் அதைத்தான் கேட்கிறேன். ஜோதிகா."

கடைசிப் பத்தி எனக்குச் சுருக்கென்று பட்டது. கிராஃப் இல்லாமல் படத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வரும் கடைக்காரர்களை நான் எத்தனை பேரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்! ஆனாலும் கோபம் இறங்கவில்லை. அவள் தப்பு என்று காட்டியே தீருவது என்று, அவள் மேசையிலிருந்தே டேப்பை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

வீரபாகுவின் வீட்டில் முன்கட்டைக் கடந்தேன். தறிக் கட்டைகளைத் தாண்டினேன். தறி அறைக் கதவு வந்ததும் என் முதுகு தானாக வளைந்தது, தலை தாழ்ந்தது, வலது கை மேற்கட்டையைத் தொட்டது. அப்படியே நின்றுவிட்டேன்.

முப்பது வருடமாக இந்த வாசலில் குனிந்துதான் நுழைகிறேன். பதினாறு வயதில் ஓடிவந்து இடித்த தழும்பு இன்னும் நெற்றியில் இருக்கிறது. நான் ஐந்தடி எட்டு. ஏழடிக் கதவில் ஐந்தடி எட்டு ஆள் எதற்குக் குனிகிறான்?

டேப்பை ஓரடிக் கோட்டிலிருந்து வைத்தேன். கழித்தால் ஐந்தடி ஆறு. உள்ளே போய்ச் சுவரை அளந்தேன். எட்டடி நாலு. இத்தனை நாள் ஜக்கார்டு நின்றது கூரையின் நடு முகட்டுக்குக் கீழே, சரிவாக ஏறிய உயரத்தில். இந்தச் சுவர்மேல் தளத்தை வைத்தால் உத்திரத்துக்குக் கீழே ஏழடி ஏழு அங்குலம்தான். பெட்டி ஏறாது. வியாழக்கிழமைக்குப் பிறகு வீரபாகுவின் தறிக்கு அவன் வீட்டிலேயே இடம் இருக்காது.

"நிறுத்துப்பா" என்றேன் கொத்தனாரிடம். ஜோதிகாவுக்கு போன் போட்டேன். "நீ சொன்னது சரி. சுவரை ரெண்டடிக்கு மேல தூக்கணும். நீ வந்து முழுசா அளந்தாத்தான் நான் நம்புவேன்."

"உள்ள வரலாமாண்ணா?" என்றாள்.

போனைப் பொத்திக்கொண்டு தில்லையம்மாளைப் பார்த்தேன். "அண்ணி, அளவெடுக்க அந்தப் பொண்ணு வரணும். தறி ரூமுக்குள்ள வரலாமில்ல?"

தில்லையம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இது என்னா கேள்விப்பா? யாரு வேணாம்னது? அன்னிக்கு நான் உள்ள காபி கலந்துக்கினு இருக்கேன், நீதான அதை முன்கட்டுலயே நிக்க வச்சே. காபிகூட குடிக்காம போச்சு அந்தப் பொண்ணு."

காலனிப் பெண் உள்ளே வர அவர்கள் வேண்டாம் என்பார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரையும் கேட்கவில்லை. அதற்கு நான் எந்த அளவும் எடுக்கவில்லை. தில்லையம்மாளின் முகத்தைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது.

"வாம்மா" என்றேன் போனில். "உள்ள வா."

அரை மணியில் வந்தாள். நேராகத் தறி அறைக்கு நடந்தாள். நான், "குனிஞ்சு, குனிஞ்சு" என்று கத்தினேன். அவள் குனியவில்லை. ஐந்தடி ஒன்று, தலைக்கு மேலே இடமிருந்தது. ஃபீல்டு புக்கைப் பிரித்து அறையைக் கோடாக வரைந்தாள், தேதி போட்டாள். நான் எடுத்த எட்டடி நாலைச் சொன்னேன். அவள் எழுதவில்லை.

என்னிடமிருந்த டேப்பை வாங்கி, நுனியை என்னிடமே நீட்டினாள். "ஓரடிக் கோட்டை மூலையில வச்சுப் புடிங்கண்ணா. நகர்த்தாதீங்க."

பிடித்துக்கொண்டேன். எதிர் மூலைக்குப் போனவள், நான் நகர்த்தவில்லையா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.