ஆடி கழியட்டும்

என் அக்காள் கணவருக்கு ரிசர்வ் வங்கியைவிடப் பஞ்சாங்கத்தின் மேல்தான் நம்பிக்கை. பொழிச்சலூர் நிலத்தை விற்றபின் வேலை வெட்டி எதுவும் கிடையாது. வங்கியில் போட்ட டெபாசிட்டின் மாத வட்டியில்தான் அக்கா குடும்பத்தை ஓட்டினாள். தாம்பரத்தில் அந்த வங்கிக் கிளையின் டெபாசிட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தது நான்.

தொண்ணூறுகளின் நடுவில் பணப்புழக்கம் இறுகிக் கிடந்தது. டெபாசிட்டுக்கு நல்ல வட்டி, பங்குச் சந்தை படுத்திருந்தது. ஐந்து வருடத்துக்குப் போடுங்கள் என்றேன். "வட்டி இன்னும் ஏறும் மச்சான், ஒரு வருஷம் போதும்" என்று எனக்கே பாடம் எடுத்தார்.

அந்த டெபாசிட் ஆடி மாதம் முதிர்ந்தது. ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கே போட்டுடுங்க மாமா. இன்னிக்கு என்ன வட்டியோ அது ஐந்து வருஷத்துக்கும் மாறாது. குறைச்சா புதுசா போடறவங்களுக்குத்தான் நஷ்டம்."

"ஆடியில யாராவது புதுசா ஆரம்பிப்பாங்களா? ஆடி கழியட்டும்."

நெற்றியில் விபூதி, வாயில் வெற்றிலை, தலைக்குள் வெறும் காற்று. பணத்தைச் சேமிப்புக் கணக்கில் தூங்க விட்டுவிட்டுப் போனார். ஆவணி பிறப்பதற்குள் ரிசர்வ் வங்கி குறைத்தது, எங்கள் தலைமை அலுவலகமும் டெபாசிட் வட்டியைக் குறைத்தது. ஆவணியில் அந்தக் குறைந்த வட்டிக்குத்தான் போட்டார்; அக்காவின் மளிகைச் செலவில் துண்டு விழுந்தது.

வட்டி குறைந்தால் கம்பெனிகளுக்குக் கடன் மலிவு, டெபாசிட்டில் லாபம் காணாத பணமும் பங்குக்கு ஓடும். அப்படித்தான் சந்தை கொஞ்சம் எழுந்தது. எங்கள் மேதை, சுபமுகூர்த்தம் பார்த்து, டெபாசிட்டை உடைத்து மொத்தத்தையும் பங்கில் கொட்டினார். மாத வட்டி என்பதே நின்றது. அக்கா இரண்டு வளையலை விற்றாள். இவரோ டீக்கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பங்கு யோசனை சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்கழியில் ரூபாய் சரிவதைத் தடுக்க ரிசர்வ் வங்கி திடுமென வட்டியை ஏற்றியது. பங்குகள் சரிந்தன. பயந்துபோய் நஷ்டத்துக்கு விற்று, மிஞ்சியதைத் தன் பெயரிலும் அக்கா பெயரிலும் இருந்த, யாராவது ஒருவர் கையெழுத்தே போதுமான சேமிப்புக் கணக்கில் போட்டார். டெபாசிட் வட்டி இப்போது ஏறியிருந்தது.

"இப்பவாவது போடுங்க."

"மார்கழியிலயா? தை பொறக்கட்டும் மச்சான்."

சிரிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அக்கா தனியாக வந்தாள். அந்தக் கணக்கின் காசோலையை எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு நீட்டினாள்.

"ஐந்து வருஷத்துக்குப் போடு. என் பேர்ல மட்டும். வட்டி மாசாமாசம் என் கணக்குக்கு வரணும்."

"அக்கா, இப்போ ராகு காலம்."

"தெரியும். அதனாலதான் இப்ப வந்தேன். அவர் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார்."

தை முதல் வாரத்தில், நல்ல நேரம் பார்த்து, மாமா கவுண்டருக்கு வந்தார். கணக்கில் குறைந்தபட்ச இருப்பு மட்டும் இருந்தது.