மூன்றாவது பெட்டி

ஒரு பொருள் இன்னும் வேலை செய்கிறது என்று தெரிந்தே அதை உடைக்க அனுப்பும் ஒருத்தி, அன்றைக்குத் தான் செய்ததற்கு என்ன பெயர் வைப்பாள்? அவளைக் கொஞ்ச நாள் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும். ஆனால் அதை வாய்விட்டுக் கேட்டதாக யாருக்கும் நினைவில்லை.

பழைய கைபேசிகளைத் திரும்ப வாங்கும் நிறுவனம் ஒன்றின் பிரிப்புக் கூடத்தில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. ரப்பர் விரித்த மேஜை, கழுத்து வளையும் விளக்கு, வலது கைப்பக்கம் மூன்று பெட்டிகள். துடைத்து மறுபடி விற்கக்கூடியவை முதல் பெட்டிக்கு. திரை, கேமரா என்று உதிரிக்கு உதவுபவை இரண்டாவதற்கு. மற்றதெல்லாம் மூன்றாவதற்கு. அங்கே பேட்டரியைப் பெயர்த்தெடுத்துவிட்டு மிச்சத்தைத் தூளாக்கி, செம்பும் தங்கமும் எடுக்க உலைக்கு அனுப்புவார்கள்.

பதினோரு வருடம் குனிந்ததில் அவள் கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்தது. மாடியில் கணக்காய்வுப் பிரிவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதற்குப் பட்டம் வேண்டும். மாலைக் கல்லூரியில் சேர்ந்து ஒவ்வொரு தாளாக முடித்தாள். கடைசியாக நின்றது ஒரே ஒரு கட்டுரை. கைபேசியை எடுத்துக்காட்டாக வைத்து நேர்கோட்டுப் பொருளாதாரத்தையும் வட்டப் பொருளாதாரத்தையும் ஒப்பிட வேண்டும். அது தேறினால் பட்டம், பட்டம் வந்தால் நாற்காலி.

கூடத்தில் அவளை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். “உனக்கென்ன வாத்தியாரம்மா, இந்த மேஜையத் தூக்கிட்டுப் போய் வகுப்புல வச்சிட்டு வா, நூத்துக்கு நூறு போட்டுருவாங்க” என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். சுரங்கத்தில் எடுத்து, தொழிற்சாலையில் செய்து, இரண்டு மூன்று வருடத்தில் எறிவது நேர்கோடு. வந்த இடத்துக்கே திரும்பச் சேர்ப்பது வட்டம். கூடத்தில் எல்லாம் எடைக்கணக்கு. வாசல் தராசில் உள்ளே வந்த எடை, பின்கதவுத் தராசில் வெளியே போன எடை. அதே பழக்கத்தில் கட்டுரையிலும் எழுதினாள்: எங்கள் கூடத்துக்கு வரும் கைபேசிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு வட்டத்துக்குள் திரும்புகிறது.

முதல் வரைவைப் படித்த விரிவுரையாளர் அந்த வரியின் கீழ் கோடு போட்டார்.

“எடை திரும்புது, சரி. போன் திரும்புதா?”

“தூளாக்கினாலும் செம்பு திரும்ப வருதே மேடம்.”

“செம்பு வரும், தங்கம் வரும். சின்னச் சின்ன அளவுல உள்ள கலந்திருக்கற அபூர்வ உலோகம்லாம் கசடோட போயிடும். அதைச் செய்யப் போன உழைப்பும் மின்சாரமும் மொத்தமா போச்சு. பழுது பார்த்துப் பயன்படுத்தறது உள்வட்டம், அடுத்தவர் கைக்குப் போறது அதுக்கு வெளிய, உலை கடைசி வட்டம். நீங்க கடைசி வட்டத்தை வச்சு முழு மதிப்பெண் போட்டுக்கிட்டீங்க. எண்ணிக்கைல எண்ணிட்டு வாங்க. இப்படியே குடுத்தா தேறாது.”

எண்ணினாள். ஆறு வேலை நாட்கள், முந்நூறு கைபேசிகள். முதல் பெட்டியில் நாற்பத்தொன்று. இரண்டாவதில் முப்பத்தெட்டு. மூன்றாவதில் இருநூற்று இருபத்தொன்று.

அந்த இருநூற்று இருபத்தொன்றில் தொண்ணூற்றாறுக்கு எந்தக் கோளாறும் இல்லை. திரை பளிச்சென்று இருந்தது, பேட்டரியில் சார்ஜ் நின்றது. முந்தைய சொந்தக்காரர் கைபேசியில் இருந்த தன் கணக்கை விட்டு வெளியேறாமல் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். உள்ளேயிருப்பதை எல்லாம் அழித்துவிட்டு இயக்கினாலும் பழைய கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். திருடனைத் தடுக்க வைத்த பூட்டு. அவள் திருடியில்லை என்று அதற்குத் தெரியாது.

பூட்டை நீக்கச் சொல்லி நிறுவனம் குறுஞ்செய்தி அனுப்புவது வழக்கம். கணக்கு, கடவுச்சொல் என்று வரும் செய்தியை ஏமாற்று வேலை என்று ஜனங்கள் அழித்துவிடுவார்கள். அப்படித்தான் அவர்களுக்கு ஊரெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தது. மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டு ஒருவரை அவளே தொலைபேசியில் அழைத்தாள்.

“ஐயா, நீங்க எங்களுக்குக் குடுத்த போன்ல உங்க கணக்கு இருக்கு. உங்க புதுப் போன்ல இருந்தே நீக்கிடலாம், ரெண்டு நிமிஷம்…”

“யாரும்மா நீ? காலைலயே கடைய விரிச்சிட்டியா?”

“கடவுச்சொல் எனக்கு வேண்டாங்க. நீங்களே…”

“வேண்டாம் வேண்டாம்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கறீங்க. வீட்ல புள்ள குட்டி இருக்கா? உழைச்சு சாப்பிடும்மா.”

கூடமே சிரித்தது. “உழைச்சு சாப்பிடும்மா” என்று ஒரு வாரம் ஓட்டினார்கள். அவளும் சிரித்தாள். அந்தக் கைபேசியை மூன்றாவது பெட்டியில் வைத்தபோது, மற்றவை போல வீசிப் போடாமல் மெல்ல வைத்தாள் என்று பக்கத்து மேஜைக்காரி பின்னால் சொன்னாள்.

கட்டுரையை மாற்றி எழுதினாள். முந்நூறில் மறுபடி ஒருவர் கைக்குப் போனவை நாற்பத்தொன்று. மீதிக்கு நாம் வட்டம் என்று சொல்வது, முனையைக் கொஞ்சம் வளைத்த நேர்கோடு. கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்த மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அம்மா, இதை நீயா எழுதின?”

“ஏன், புத்தகத்துல இருந்து அடிச்சேன்னு நெனச்சியா?”

“இல்ல, கோவமா இருக்கு. உனக்குக் கோவமே வராதே.”

கூடத்தின் எண்ணிக்கையை வெளியே கொடுப்பதால் மேற்பார்வையாளரின் ஒப்புதல் வேண்டும். அங்கேதான் முட்டும் என்று நினைத்துப் பேச வேண்டியதையெல்லாம் மனசுக்குள் கோத்து வைத்திருந்தாள். தம்பி வயதுக்காரர், இரண்டு பக்கம் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

“சார், தொண்ணூத்தாறு நல்ல போனுன்னு எழுதியிருக்கேன்.”

“பாத்தேங்க்கா. சரியாத்தான் எண்ணியிருக்கீங்க. மேலயும் தெரியும்.”

“தெரியுமா?”

“தெரியாம இருக்குமா? அறிக்கைல எடைதான கேக்கறாங்க, எடையக் குடுக்கறோம். நீங்க தாராளமா எழுதுங்க. யாருங்க்கா இதெல்லாம் உக்காந்து படிக்கப் போறா? நல்லபடியா பாஸ் பண்ணி மேல வாங்க. அங்க இந்த எடைப் பட்டியலைப் போடத்தான் ஆள் இல்ல.”

விரிவுரையாளரும் மறுக்கவில்லை. இரண்டாம் வரைவைப் படித்து, இந்த வகுப்பில் இதுதான் சிறந்தது, இதை அப்படியே ஏற்றிவிடுங்கள் என்றார். பேசிக்கொண்டே மேஜை மீதிருந்த தன் புதுக் கைபேசியைத் திருப்பி வைத்தார். பழையது என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: “பழசைக் கடையிலயே எடுத்துக்கிட்டாங்க. உங்க இடத்துக்குத்தான் வரும்னு நெனைக்கறேன்.”

“கணக்கை எடுத்துட்டுக் குடுத்தீங்களா மேடம்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “எடுத்திருப்பேன்.”

உண்மையைச் சொல்வது கடினம் என்றுதான் பொதுவாகப் பேசுகிறோம். அவளுக்கு அது கடினமாக அமையவில்லை. தடுக்க ஆள் இல்லை, பயப்பட ஆள் இல்லை, மறுத்துப் பேசவும் ஆள் இல்லை. ஒவ்வொருவரும் தலையாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

கட்டுரையைக் கல்லூரியின் இணையதளத்தில் ஏற்றக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. மகள் கோப்பைத் தயாராக வைத்து, ஒரே ஒரு பொத்தானை மட்டும் விட்டுவைத்திருந்தாள். மதிய இடைவேளையில் அம்மாவே அழுத்தட்டும் என்று. மூன்று மணிக்கு மகள் அழைத்தாள். “பாத்துக்கறேன்டா” என்றாள் அம்மா. நாலரைக்கு மறுபடி அழைத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஐந்து மணிக்கு அவள் மேஜையில் இருந்தாள், பொத்தானை அழுத்தாமலே. மறுவாரம் விரிவுரையாளர் ஒரு வாரம் தவணை தருவதாகக் கடிதம் அனுப்பினார். நன்றி, வேண்டாம் என்று பதில் போயிற்று. மாடி நாற்காலிக்கு, எடைப் பட்டியல் போட, வெளியிலிருந்து ஒரு பட்டதாரி வந்தார். மகள் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. மறந்துட்டியா, பயந்துட்டியா, ரெண்டுல ஒண்ணாவது சொல்லும்மா என்று கேட்டுப் பார்த்தாள். அவள் சாப்பிட வா என்றாள்.