எண்ணெய்ச் சட்டி நாலு மணிக்கு ஏறும்

என் மனைவி முறுக்கு சுடுகிறாள். நான் அந்த முறுக்கை விற்கும் ஃபேஸ்புக் பக்கத்துக்குக் கிராணி, எழுத்து வேலைக்காரன். இந்தப் பதவியை எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். பகலில் தேயிலை ஃபேக்டரியில் மெஷினோடு கத்திக்கொண்டிருப்பவனுக்கு, மாலையில் கௌரவமாக ஒரு வேலை வேண்டாமா?

கோலாலம்பூரில் இருக்கும் மகள்தான் போனில் ஒரு ஆப்பை இறக்கிக் கொடுத்துச் சொல்லித்தந்தாள். படத்தைப் போடு, எழுது, நாளையும் நேரத்தையும் குறி, விட்டுவிடு. அந்த நேரம் வந்ததும் பதிவு தானாகப் போகும். போனதும் போன் ஒரு மணியடித்து, 'உங்கள் பதிவு வெளியானது' என்று சொல்லும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளுக்குள் சிக்னல் எட்டிப் பார்ப்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை மேட்டில், தேயிலைக்கு நடுவில் நிற்கும் ஒற்றை மரத்தடிக்குப் போய் வாரத்துப் பதிவுகளை எல்லாம் குறித்துவிட்டு வருவேன். மணியடிக்கிற ஒவ்வொரு தடவையும், "போயிடுச்சு லா!" என்று மனைவிக்குச் சத்தம் கொடுப்பேன். என்னமோ நானே ரிங்லெட் டவுனுக்கும் பிரிஞ்சாங் டவுனுக்கும் நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தவன் மாதிரி.

அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்குக் குறித்த பதிவு எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. 'நாலு மணிக்கு எண்ணெய்ச் சட்டி ஏறும்! வாசம் பிடிச்சு ஓடி வாங்க லா!' மேலே ஒரு படம்: முறுக்கை உடைக்கும் ஒரு கை. அது பக்கத்து வீட்டு அக்காவின் கை. காலமெல்லாம் கொழுந்து பறித்த கை, விரல் நுனியில் கறை போகவே போகாது. ஒவ்வொரு ஈடும் முதலில் அக்காவிடம்தான் போகும். உடைப்பார், காதருகே வைத்துச் சத்தம் கேட்பார், கடிப்பார், "உப்பு பத்தல" என்பார். உப்பு எவ்வளவு போட்டாலும் அதே தீர்ப்புதான். ஆனால் தட்டு காலியாகத்தான் திரும்பி வரும்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா போய்விட்டார். தூக்கத்திலேயே.

எங்கள் லைனில் ஒரு வழக்கம். சாவு விழுந்தால், எடுக்கிற வரைக்கும் எந்த வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி ஏறாது. தாளிக்கிற வாசம்கூட வெளியே வரக்கூடாது. ஜொகூரில் இருக்கும் அக்காவின் தம்பி வந்து சேரவேண்டும் என்பதால், மறுநாள்தான் எடுப்பதாக முடிவானது. என் மனைவி மாலை வாங்க ரிங்லெட்டுக்குக் கிளம்பினாள். நான் அக்கா வீட்டு வாசலில் கூடாரம் கட்டி, நாற்காலி இறக்கி, வந்தவர்களுக்குப் பாலில்லாத வறக்கோப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாலு மணி ஆகப்போகிற நேரத்தில், கையில் கோப்பிக் கெட்டிலோடு நிற்கும்போது, அது ஞாபகம் வந்தது.

கெட்டிலைக் கீழே வைத்தேன். செத்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறுது, ஓடி வாங்க லா! அதுவும் அக்காவின் கையையே படம் போட்டு! நாளைக்கு என் மனைவி இந்த லைனில் எப்படித் தலைகாட்டுவாள்? அவள் பெயரில்தானே பக்கம்?

உடனே அறிவாளித்தனமாக ஒரு வேலை செய்தேன். போனை அணைத்தேன். அணைத்துச் சட்டைப் பையில் போட்டு, பையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோரி ஓட்டும் மச்சான் கேட்டான், "என்னடா, நெஞ்சு வலியா?"

"இல்ல மச்சான். முறுக்கு வெளிய போயிடாம புடிச்சுக்கிட்டிருக்கேன்."

விவரம் சொன்னேன். சாவு வீடு என்பதால் சிரிப்பை வாய்க்குள்ளேயே மென்றான்.

"டேய், அது உன் பாக்கெட்டுலயா இருக்கு? நீ குறிச்ச அன்னிக்கே ஆப்காரன்கிட்ட போயிடுச்சு. உன் போன் ஏரியில விழுந்தாலும் டாண்ணு போகும். பறவக் காவடி பாக்க ஆளுங்கள பஸ் ஏத்துறதுக்கு நாங்க இப்படித்தான் நேரம் குறிச்சுப் போடுறோம்."

ஓடினேன். என் வயசுக்கும் வயிற்றுக்கும் அந்த மேட்டில் ஓடுவது ஆகாத காரியம். தேயிலைக் கிளை வேட்டியை இழுக்க, அதைப் பிடுங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய்ப் போனை உயிர்ப்பித்தேன். அது சாவகாசமாகக் கண் திறந்து, சிக்னல் தேடி, பிறகு அடித்தது மணி. 'உங்கள் பதிவு வெளியானது.'

அந்த மணியை அவ்வளவு ஆசையாகக் கேட்டவன் நான்! பக்கத்தைத் திறந்தேன். கை. முறுக்கு. கீழே எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன, மூக்குக்கண்ணாடி வீட்டில் கிடந்தது. நான் எழுதியதை நான் எதற்குப் படிக்கவேண்டும்? மூன்று புள்ளியைத் தட்டினேன், குப்பைக்கு அனுப்பவா என்றது, அனுப்பு என்றேன். போயிற்று. லைனின் மானத்தையே காப்பாற்றிய தோரணையில் இறங்கி வந்தேன்.

கீழே மனைவி மாலையோடு காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"ஏங்க, பாத்தீங்களா? நாலு மணிக்கு வந்திருக்குமே."

"பாத்தேன், பாத்தேன். கவலப்படாத. அழிச்சிட்டேன்."

"எத?"

"எண்ணெய்ச் சட்டிய."

மாலையை மச்சான் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "அத நான் மதியமே மாத்திட்டேங்க. ரிங்லெட் பூக்கடையில நின்னுகிட்டு. படத்த மட்டும் விட்டுட்டு எழுத்த எடுத்துட்டேன். அக்கா போயிட்டாங்கன்னு எழுதினேன். இன்னிக்கு எண்ணெய் ஏறாதுன்னு எழுதினேன். என்னென்னமோ எழுதினேன். நீங்க படிக்கவே இல்லியா?"

அவளுக்கும் அந்த ஆப் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கிராணி நான் என்று நினைத்திருந்தேன். எனக்கு மேலே இருக்கும் எஸ்டேட் துரை வேறு ஆள்.

"குப்பையில இருக்கும். எடுத்துடலாம், மக சொல்லியிருக்கா," என்றேன் அவசரமாக.

"அக்காவ நான் குப்பையிலேர்ந்து எடுக்கணுமா? வேணாம். நீங்க புதுசா எழுதுங்க."

"நீ எழுதினதச் சொல்லு."

"அழுதுகிட்டே எழுதினது. ஞாபகம் இல்ல." அப்போதுதான் நான் எதை அழித்தேன் என்று எனக்கு உறைத்தது.

வீட்டிலிருந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு மறுபடி மேட்டுக்கு. இந்தத் தடவை மனைவியும் கூட. மூச்சு வாங்கும் என்னைப் பார்த்துவிட்டு மச்சானும் பின்னாலேயே ஏறினான், விழுந்தால் தூக்க. மரத்தடியில் உட்கார்ந்து, ஒரு விரலால் தட்ட ஆரம்பித்தேன். எங்கள் அக்கா காலமாகிவிட்டார், நாளை எடுக்கிறோம், அதுவரை எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது, ஆர்டர் கொடுத்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எனக்கு வரவில்லை. எப்போதும் வேடிக்கையாகவே எழுதிய விரல், வேறெதற்கும் வளையவில்லை.

"படத்துல இருக்கிறது அவங்க கைன்னு போடுங்க," என்றாள் மனைவி.

"மழையில என் லோரி சகதியில மாட்டினப்ப, அக்கா கொழுந்துக் கூடையோட நின்னு, ஸ்டியரிங்க எந்தப் பக்கம் ஒடிக்கணும்னு எனக்குச் சொல்லிக்கொடுத்துச்சு. அதையும் போடு," என்றான் மச்சான்.

போட்டேன். கடைசி வரிக்கு மனைவியைப் பார்த்தேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "'உப்பு பத்தல'ன்னு சொல்ல இனிமே ஆளில்லன்னு எழுதுங்க," என்றாள்.

எழுதி முடித்ததும் ஆப் வழக்கம்போலக் கேட்டது: இப்போதே போடவா, நேரம் குறிக்கவா?

இப்போதே என்று தட்டினேன். குறித்து வைக்காத பதிவு என்பதால் மணி எதுவும் அடிக்கவில்லை. நான் "போயிடுச்சு" என்று வாய்க்குள் சொன்னேன். மனைவி, "கண்ணாடியக் கழட்டாம ஒரு தடவ படிச்சிட்டு எறங்குங்க," என்றாள்.